மனைவியின் டியூப், கணவனின் முகம்

பாஸ்கர், லதா என்று ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். பெயர்களும் குடும்பமும் கற்பனை. அவர்களுக்கு நடப்பது மட்டும் தோல் மருத்துவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று.

லதாவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னத்து எலும்புகளின் மேல் பழுப்பு நிறத்தில் மங்கு விழுந்தது. தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்து, இப்படிச் சொன்னார்: "ராத்திரி தூங்கப் போகும்போது மங்கு இருக்கிற இடத்துல மட்டும், ஒரு பட்டாணி அளவு போதும். பகல்ல சன்ஸ்க்ரீன் கட்டாயம். எட்டு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க." லதா அப்படியே செய்தார். ஆறாவது வாரத்தில் மங்கு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மங்கியது.

அதைத் தினமும் கவனித்துக்கொண்டிருந்தவர் பாஸ்கர். அவருக்கு வேலை விற்பனைப் பிரதிநிதி வேலை. காலை ஒன்பது மணியிலிருந்து பைக்கில் வெயிலில் சுற்ற வேண்டும். தினமும் ஷேவ் செய்வதால் தாடைக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் வெயில் கறுப்பு. அடுத்த மாதம் தங்கை மகளின் கல்யாணம். மனைவியிடம் கேட்டால், "உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என்பார் என்று ஒரு கூச்சம். அதனால் கேட்கவில்லை. பாத்ரூம் அலமாரியில் இருந்த டியூபை எடுத்து, விரல் நுனியில் பிதுக்கி, முகம் முழுக்கத் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் முகம் சிவந்து, எரிந்து, பொரிப்பொரியாக வெடித்திருந்தது. அந்த இரண்டு மாதத்தில் தோலுக்குள் என்ன நடந்தது என்று வாரம் வாரமாகப் பார்த்தால், வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த க்ரீமை இன்னொருவர் ஏன் தொடக் கூடாது என்பது புரியும்.

டியூபுக்குள் இருந்த மூன்று

மங்குக்கு எழுதிக் கொடுக்கும் இரவு க்ரீம்களில் பரவலாக விற்பது ஒரு கூட்டு மருந்து. இந்தியாவில் கிடைக்கும் வழக்கமான கலவையில் ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், டிரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம் இருக்கும். அட்டைப் பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இந்த மூன்று பெயர்களும் அச்சாகியிருக்கும்.

இதன் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. ஆல்பர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் என்ற இரண்டு தோல் மருத்துவர்கள் 1975-இல் இத்தகைய மூன்று மருந்துக் கலவையை வெளியிட்டார்கள். அதிலும் ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் இருந்தன. மூன்றாவது மட்டும் வேறொரு ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்தால்தான் நிறம் குறைகிறது, தனித்தனியாகப் போட்டால் அந்த அளவுக்குப் பலன் இல்லை என்பது அவர்கள் கண்டது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஹைட்ரோகுவினோன், தோலின் நிறமிச் செல்கள் மெலனினைத் தயாரிக்கும் வேலையைத் தடுக்கிறது. டிரெட்டினாயின், மேல் தோல் உதிர்ந்து புதிது வரும் வேகத்தைக் கூட்டுகிறது. அதனால் ஏற்கனவே நிறமி ஏறிய செல்கள் சீக்கிரம் வெளியேறுகின்றன, கூட இருக்கும் மருந்தும் உள்ளே இறங்குகிறது. இந்த இரண்டும் தோலை எரிய வைக்கக் கூடியவை. அந்த எரிச்சலை அடக்குவதற்காகச் சேர்ப்பதுதான் மொமெட்டசோன் என்கிற ஸ்டீராய்டு.

பாஸ்கர் கதையின் முடிச்சு இந்த மூன்றாவது மருந்தில் இருக்கிறது. தோல் தாங்கவில்லை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொல்லவிடாமல் அடக்கி வைப்பதே ஸ்டீராய்டின் வேலை. டாக்டர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு அது நல்லது. யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் போட்டால் கெடுதல் சேர்ந்துகொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

முதல் மூன்று வாரம்

முதல் நான்கைந்து நாள் பாஸ்கருக்குக் காலையில் ஷேவ் செய்யும்போது சுருக்கென்றது. மூக்கோரத்தில் மெல்லிய செதில் உரிந்தது. இது டிரெட்டினாயின் வேலை. ஷேவிங் பிளேடு முடியோடு சேர்த்து மேல் தோலின் இறந்த செல் அடுக்கையும் கொஞ்சம் சுரண்டி எடுக்கிறது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் வேலி அந்த அடுக்குதான். தினமும் வேலியைக் கொஞ்சம் பிரித்து, தினமும் மருந்தை உள்ளே விட்டால் லதாவுக்கு இறங்கியதைவிட அதிகமாகவே அவருக்கு இறங்கும்.

தாடைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. உடம்பின் எல்லா இடத்துத் தோலும் மருந்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967-இல் ஹைட்ரோகார்டிசோனைப் பல இடங்களில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தை 1 என்று வைத்தால் நெற்றியில் 6 மடங்கு, தாடைக் கோணத்தில் 13 மடங்கு உள்ளே போனது. கையில் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று முகத்தில் தடவுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். பாஸ்கர் அதிகமாகத் தேய்த்ததும் இதே தாடையில்தான்.

ஒரு வாரத்தில் சுருக்கென்பது நின்றது. பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. அலுவலகத்தில், "என்ன சார், முகம் தெளிவா இருக்கு?" என்று கேட்டார்கள். கல்யாணப் போட்டோவில் நன்றாகவே விழுந்தார்.

இந்தத் தெளிவில் ஒரு பகுதி நிறமி குறைந்ததால் வந்தது. இன்னொரு பகுதி ரத்தக் குழாய்கள் சுருங்கியதால் வந்தது. ஸ்டீராய்டு தடவிய இடத்தில் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இறுகி, இடம் வெளுக்கும். இது எவ்வளவு நம்பகமான விளைவு என்றால், எந்த ஸ்டீராய்டு க்ரீமுக்கு வீரியம் அதிகம் என்பதை அளக்கவே இந்த வெளுப்பைப் பயன்படுத்துகிறார்கள். 1962-இல் மெக்கன்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் வகுத்த முறை அது. ஆக, பாஸ்கர் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்த வெளுப்பு, ஆய்வுக்கூடத்தில் மருந்தின் வீரியத்துக்கு அடையாளமாகக் குறித்துக்கொள்ளும் அதே வெளுப்பு. குழாய்கள் இறுகியிருக்கும் வரை சிவப்பும் தெரியாது, எரிச்சலும் தெரியாது.

டியூப் சொன்ன கணக்கு

லதாவுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. டியூப் சீக்கிரம் தீர்ந்துகொண்டிருந்தது.

களிம்பை அளக்கத் தோல் மருத்துவர்களிடம் ஓர் எளிய முறை உண்டு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால், அது ஏறக்குறைய அரை கிராம். இதை ஒரு விரல் நுனி அளவு என்பார்கள். இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும்.

லதாவின் டியூப் 15 கிராம். இரண்டு கன்னத்து மங்குக்கும் சேர்த்து அவர் பட்டாணி அளவுதான் எடுத்தார். கால் கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் ஒரு டியூப் 60 நாள் வரும். பாஸ்கர் தன் முகம் முழுக்கத் தேய்க்க ஒரு விரல் நுனி அளவு, அதாவது அரை கிராம் எடுத்தார். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் கிராம். டியூப் 20 நாளில் காலி. இரண்டு மாதத்துக்கு வர வேண்டியது மூன்று வாரம்கூட வரவில்லை.

"ஏங்க, இந்த டியூப்ல பாதிக்கு மேல காத்துதான் அடைச்சு விக்கிறாங்களா?" என்று லதா கேட்டபோதுகூட பாஸ்கர் வாய் திறக்கவில்லை. லதா அடுத்த டியூபை வாங்கினார். தானே தன் கணவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

எரிய ஆரம்பித்த வாரம்

ஏழாவது வாரத்தில் பாஸ்கரின் வாயைச் சுற்றியும் மோவாயிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் வந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே பருவம். சாதாரண முகப்பருவில் கரும்புள்ளி, சீழ்ப்பரு, ஆறிய தழும்பு என்று பல பருவங்களும் கலந்து இருக்கும். ஸ்டீராய்டால் வரும் பொரி ஒரே நாளில் விதைத்து முளைத்தது போல இருக்கும். உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் பாதிக்கப்படாமல் வெளுப்பாகத் தெரிந்தது. இதுவும் ஓர் அடையாளம்.

பாஸ்கர் பிளேடைச் சந்தேகப்பட்டார், மாற்றினார். ஹெல்மெட் பட்டையைச் சந்தேகப்பட்டார், துணி சுற்றிக்கொண்டார். ஷேவிங்குக்குப் பிறகு தேய்க்கும் படிகாரத்தை நிறுத்தினார். ராத்திரி போடும் க்ரீமை அவர் சந்தேகப்படவில்லை. ஏனென்றால், அதைத் தடவிய பிறகுதான் முகம் அடங்கியது.

எட்டாவது வாரம் லதா பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போனார். டியூபையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் காலை பாஸ்கர் முகம் கழுவும்போது தண்ணீரே எரிந்தது. கன்னமும் தாடையும் நெருப்புப் பட்டது போலச் சிவந்திருந்தன. வெயிலில் இறங்கியதும் எரிச்சல் இரண்டு மடங்கு ஆனது. பொரிகள் கழுத்து விளிம்பு வரை வந்தன.

நடந்தது இதுதான். இரண்டு மாதம் மருந்தால் இறுகியிருந்த ரத்தக் குழாய்கள், மருந்து நின்றதும் ஒரே நேரத்தில் விரிந்தன. அது வரை அடங்கியிருந்த அழற்சி முழு வேகத்தில் வெளியே வந்தது. தோலும் அதற்குள் மெலிந்து போயிருந்ததால் வெயில், தண்ணீர், சோப்பு எதையும் தாங்க முடியவில்லை. இந்த நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் பழுதான முகம்.

பாஸ்கர் அடுத்து செய்ததைத்தான் இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்வார்கள். குப்பையில் கிடந்த பழைய அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு தெரு முனை மெடிக்கல் ஷாப்புக்குப் போனார். காட்டினார், கொடுத்தார்கள். சீட்டு யாரும் கேட்கவில்லை. அன்று ராத்திரி தடவினார். மறுநாள் காலை எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்தது. க்ரீம்தான் காப்பாற்றுகிறது என்று முடிவு செய்தார்.

தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் எரிகிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் வருடக்கணக்கில் வெளியே வராமல் இருப்பதுண்டு. தோல் மேலும் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் நிரந்தரமாகத் தெரிய ஆரம்பிக்கும். பெண்களுக்கு முகத்தில் பூனை முடி அடர்த்தியாகும். ஹைட்ரோகுவினோனை நெடுநாள் போட்டால், குறைக்க நினைத்த நிறமே நீலம் கலந்த கருமையாகத் திரும்பி வரவும் கூடும். அதைப் போக்குவது மிகவும் கடினம்.

மூன்று விதமான தடிப்பு

க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாம் எல்லாவற்றையும் அலர்ஜி என்றுதான் சொல்கிறோம். டாக்டருக்கு அவை வேறு வேறு. சிகிச்சையும் வேறு. வீட்டில் ஒருவருடைய பொருளை இன்னொருவர் எடுத்துப் போட்டு முகத்தில் தடிப்பு வந்தால், அது எப்போது தொடங்கியது என்பதுதான் முதல் துப்பு.

தடவிய சில நிமிடத்திலோ, சில நாளிலோ எரிந்து, உரிந்து, தடவிய இடத்தோடு நின்றால் அது பெரும்பாலும் நேரடி எரிச்சல். வீரியமான பொருளை அதிகமாகவோ, ஷேவ் செய்த தோலிலோ போட்டால் யாருக்கும் இது வரலாம். நிறுத்தினால் சில நாளில் ஆறிவிடும்.

எரிச்சலைவிட அரிப்பு முன்னால் நின்று, தடவி ஒன்றிரண்டு நாள் கழித்து வீங்கி, தடவாத இடத்துக்கும் பரவினால் அது அலர்ஜியாக இருக்கலாம். வாசனைப் பொருள், பாதுகாப்புப் பொருள், தலைமுடிச் சாயம் ஆகியவற்றால் இது வரும். குறிப்பிட்ட பொருளை உடம்பு எதிரியாக அடையாளம் கண்டுவிட்டதால், அடுத்த முறை சிறிதளவு பட்டாலும் வரும். எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க முதுகில் சிறு பட்டைகளாக ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது.

மூன்றாவது வகைதான் பாஸ்கருக்கு வந்தது. போட்டுக்கொண்டிருக்கும் வரை நன்றாக இருக்கும். நிறுத்திய சில நாளில் வெடிக்கும். இப்படி நடந்தால் அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அட்டையில் "சோன்" அல்லது "சோல்" என்று முடியும் பெயர்கள் இருந்தால் எச்சரிக்கை ஆகலாம்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசோல், ஹைட்ரோகார்டிசோன். இந்த முடிவு ஒரு குறிப்பு மட்டும்தான். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளும் "சோல்" என்றே முடியும். வேறு விதமாக முடியும் ஸ்டீராய்டுகளும் உண்டு. உறுதி செய்ய டாக்டரிடமே கேட்க வேண்டும்.

டாக்டர் அறையில்

அம்மா வீட்டிலிருந்து திரும்பிய லதாதான் பாஸ்கரை வலுக்கட்டாயமாகத் தன் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"முகத்துல என்ன போடறீங்க?"

"சோப்பு மட்டும்தான் டாக்டர்."

"ஷேவிங் க்ரீம்? வேற ஏதாவது களிம்பு?"

"ஒண்ணும் இல்லை டாக்டர்."

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பொரிகளை ஸ்லைடில் லேசாகச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பினார். இது தேவையான படி. முகத்தில் படர்தாமரை வந்து, அதன் மேல் ஸ்டீராய்டு பட்டிருந்தால் வட்ட வடிவம் கலைந்து, வேறு எதையோ போலத் தெரியும். பார்வையால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. பூஞ்சை இல்லை என்று முடிவு வந்தது.

ஒரே பருவத்துப் பொரிகள், உதட்டைச் சுற்றிய வெளுப்பு வளையம், கன்னத்தில் தெரிந்த சிவப்பு நூல்கள். டாக்டருக்குச் சந்தேகம் வலுத்தது. "மூணு மாசத்துக்குள்ள ஸ்டீராய்டு க்ரீம் எதையாவது தொட்டிருக்கீங்களா சார்? நீங்க சொன்னாத்தான் நான் சரியா மருந்து கொடுக்க முடியும். இல்லன்னா ரத்தப் பரிசோதனை, அலர்ஜி பரிசோதனைன்னு உங்களை அலைய வைக்க வேண்டியிருக்கும்."

லதா பேசாமல் தன் கைப்பையிலிருந்து டியூபை எடுத்து மேசை மேல் வைத்தார். "இருபது நாளைக்கு ஒரு டியூப் தீருது டாக்டர். நான் நீங்க சொன்ன அளவுதான் போடறேன்."

பாஸ்கர் அப்போதுதான் சொன்னார்.

அந்த ஒரு பதில் சிகிச்சையைத் திசை திருப்பியது. அது தெரியாமல் இருந்திருந்தால், சிவந்த முகத்தைப் பார்க்கும் வேறொரு டாக்டர் எரிச்சலை அடக்க இன்னொரு ஸ்டீராய்டைக் கொடுத்திருக்கவும் கூடும். முகப்பரு என்று நினைத்து இன்னும் காரமான மருந்தும் எழுதியிருக்கலாம். இரண்டும் நிலைமையை மோசமாக்கும்.

மீண்டு வரும் வழி

இந்த நிலையிலிருந்து வெளியே வர டாக்டர்கள் இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொஞ்ச நாள் மட்டும் போட்டவர் என்றால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வார்கள். நெடுநாள் போட்டவர் என்றால், வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் விட்டு ஒரு நாள் என்று படிப்படியாகக் குறைப்பார்கள். எந்த வழி என்பதை நோயாளி தானாக முடிவு செய்யக் கூடாது.

பாஸ்கருக்கு இரண்டாவது வழி. அதோடு, ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியை அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு. பொரிகளுக்குச் சில வாரங்களுக்கு மாத்திரை. காலையும் மாலையும் வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர். வெளியே போகும்போது துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்க்ரீன். பிளேடு வைத்த ஷேவிங் முழுக்க நிறுத்தம், டிரிம்மரில் குறைத்துக்கொள்ளலாம். எரிச்சல் தாங்கவில்லை என்றால், சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்து நிமிடம் முகத்தில் போட்டுக்கொள்ளலாம்.

லதாவின் மாமியார் மஞ்சளும் சந்தனமும் எலுமிச்சையும் அரைத்துப் பூசச் சொன்னார். டாக்டர் தடுத்தார். வேலி போன தோலில் எலுமிச்சையின் புளிப்பு நேராக உள்ளே இறங்கும். வெயில் பட்டால் புண்ணாகும். நல்ல தோலில் பல வருடம் பூசியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பழுதான தோலுக்குப் பொருந்தாது.

முதல் இரண்டு வாரம் கடினமாக இருந்தது. முகம் முன்பைவிட மோசமாகத் தெரிந்தது. பழைய க்ரீமை ஒரே ஒரு தடவை போட்டால் என்ன என்று மனம் பலமுறை போகும்; சிகிச்சை பெரும்பாலும் உடைவது இந்தக் கட்டத்தில்தான். மறுபடி தடவினால் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் எரிச்சல் குறைந்தது. பொரிகள் அடங்க ஆறு வாரம் ஆனது. சிவப்பு முழுக்கப் போக மேலும் சில மாதங்கள். வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இதைவிட அதிக காலம் ஆகும். ரத்தக் குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிட்டால் லேசர் வரை போக வேண்டியிருக்கும்.

தாடைக் கறுப்புக்கும் டாக்டர் வழி சொன்னார். தோல் முழுக்க ஆறிய பிறகு, முடி வளரும் திசையிலேயே ஷேவ் செய்வது; ஒரே இடத்தில் பிளேடைத் திரும்பத் திரும்ப இழுக்காமல் இருப்பது; தினமும் சன்ஸ்க்ரீன். பாஸ்கருக்கு ஆரம்பத்தில் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

கடைக்காரரும் சட்டமும்

பாஸ்கர்கள் குறைவில்லை. நாட்டின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முகப் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைக் கேட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் என்று சொல்லலாம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்த க்ரீமைச் சொன்னவர் டாக்டர் இல்லை.

நெடுநாளாக, ஸ்டீராய்டு ஊசியையும் மாத்திரையையும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற விதியிலிருந்து பல களிம்புகளுக்கு விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. சட்டம் இருக்கிறது. இருந்தும் காலி அட்டையைக் காட்டினால் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாமல் இருப்பது நம் பங்கு.

லதாவின் க்ரீமைக் கெட்ட மருந்து என்று சொல்லிவிட முடியாது. மங்கு இருக்கிற இடத்தில் மட்டும், பட்டாணி அளவில், எட்டு வாரத்துக்கு, மறுபடி காட்ட வேண்டும் என்ற கட்டளையோடு அவருக்குக் கொடுத்த மருந்து அது. அந்தக் கட்டளை அட்டையில் அச்சாகியிருக்காது. டாக்டர் வாயால் சொன்னது. ஒருவர் இன்னொருவரின் டியூபை எடுக்கும்போது, மருந்து கைக்கு வருகிறது, கட்டளை வருவதில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இன்று உங்கள் வீட்டுப் பாத்ரூம் அலமாரியைத் திறந்து, டியூபுகளின் அட்டையைப் பாருங்கள். சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று அச்சடித்த க்ரீம் எதுவாக இருந்தாலும், அது யாருக்கு எழுதியதோ அவரைத் தவிர வேறு யாரும் தொட வேண்டாம். ஏற்கனவே தொட்டுவிட்டீர்கள் என்றால் வீட்டில் சொல்லிவிடுங்கள். டியூபை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். எத்தனை வாரம், எந்த அளவு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மனைவிகளுக்கும் ஒரு வார்த்தை: கணவருக்கும் முகம் இருக்கிறது, அதில் கறுப்பு விழுந்தால் அவருக்கும் கவலை இருக்கும். அவர் கேட்கும்போது, "உங்களுக்கு எதுக்குங்க?" என்று சொல்லாமல் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.